‘எப்போதும்’ என்ற சொல்லுக்கு வட்டம் போட்டவர்

பிற்பகல் இரண்டு ஐம்பது. ஜனவரி மாதத்து ஞாயிறு. மொன்றியலின் வில்லரேப் பகுதியில் சிவம் அண்ணையின் பலசரக்குக் கடைக்குக் கீழே இறங்கும் படியில் நான் முதலில் கண்டது ஒரு பென்சில். கறுப்புக் கையுறை போட்ட கை ஒன்று அதைப் பிடித்தபடி, கதவில் ஒட்டியிருந்த அறிவித்தலில் ஒரு சொல்லைச் சுற்றி வட்டம் போட்டுக்கொண்டிருந்தது. ‘எப்போதும்போல் முதல் ஞாயிறு மூன்று மணிக்கு வாசகர் வட்டம் கூடும்.’ எழுதி ஒட்டியவன் நான். வட்டம் ‘எப்போதும்போல்’ மீது விழுந்திருந்தது.

“டிசம்பரில கூடேல்லையாமே,” என்றார், திரும்பாமல். “பனி கூட எண்டு விட்டிட்டியளாம். மேல கடையில சொன்னவை.”

அப்படித்தான் அவர் எங்கள் வட்டத்துக்குள் வந்தார். ஐம்பதை நெருங்கும் பெண், மெலிந்த உடம்பு, காதுவரை இழுத்துவிட்ட கம்பளித் தொப்பி. நிலவறைக்குள் வந்தபின்னும் அவர் அந்தத் தொப்பியைக் கழற்றவில்லை. யாழ்ப்பாணத்து முஸ்லிம் என்பதை அன்று தேநீர் முடிவதற்குள் எல்லோரும் அறிந்துகொண்டார்கள். டவுன்டவுன் பல்கலைக்கழகம் ஒன்றில் இஸ்லாமியச் சட்ட வரலாற்றில் ஆய்வு தொடங்கி, முடிக்காமல் விட்டவர். பிழைப்புக்கு மருந்துப் பெட்டிகளுக்குள் மடித்து வைக்கும் தாள்களை ஆங்கிலத்திலிருந்து பிரெஞ்சுக்கு மாற்றும் வேலை.

‘எப்போதும்’, ‘எல்லாரும்’, ‘ஒருநாளும்’. இந்த மூன்று சொற்களையும் அவரால் தாண்டிப்போக முடியாது. அச்சில் கண்டால் வட்டம் போடுவார். பேச்சில் கேட்டால் தலையைச் சற்றுச் சாய்த்து, “எந்த ஊரில? எந்த வருசம்?” என்பார். ஐம்பத்தொன்றாம் இலக்க பஸ் ஒருநாளும் நேரத்துக்கு வராது என்று யாரோ சலித்துக்கொண்டபோதும் கேட்டார். தன் மணமுறிவைப் பற்றி அவர் சொன்ன ஒரே தகவலும் இதையொட்டியதுதான்.

“‘நீ எப்பவும் இப்பிடித்தான்’ எண்டார் அவர். ‘எப்ப?’ எண்டு கேட்டன். அதோட முடிஞ்சுது.”

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். நாங்களும் சிரித்தோம்.

மொன்றியலில் அவருக்குத் தமிழில் பேச வேறு இடமில்லை. உறவினர்கள் புத்தளத்தில் இருந்தார்கள். அவர் போகும் பள்ளிவாசலில் அரபும் உருதும் பிரெஞ்சும்தான் கேட்கும். ஒரு முறை கூட்டம் முடிந்து படியேறும்போது, “இஞ்ச வந்து முதல் அரை மணித்தியாலம் என்ர நாக்கு இடறும் அண்ணை,” என்றார். “பேந்து சரியாகிடும்.” சரியானதும் கூட்டம் கலையும் நேரம் வந்துவிடும். பெப்ரவரியில் ஒரு நாள், எல்லோரும் போனபின் அவர் மட்டும் கதிரைகளை ஒவ்வொன்றாக மடித்துச் சுவரோடு சாய்த்துவைத்துக்கொண்டிருந்தார். அது அவருடைய வேலை அல்ல. அவசரமும் இல்லை.

அந்தக் கோடையில் ஈராக்கின் மோசூல் நகரத்தை ஓர் ஆயுதக் குழு பிடித்தது. கிறிஸ்தவர்களின் வீட்டுச் சுவர்களில் அரபு எழுத்து ஒன்று எழுதப்பட்ட படங்கள் செய்திகளில் வந்தன. மதம் மாறு, அல்லது ஜிஸ்யா வரி கட்டு, அல்லது வெளியேறு, இல்லையென்றால் வாள் என்றது அந்தக் குழு. மன்னார்க் கத்தோலிக்கரான அந்தோனி அண்ணை அந்தப் படத்தைக் கைத்தொலைபேசியில் கொண்டுவந்து அவர் முன்னால் நீட்டினார். முரட்டுத்தனமாக அல்ல. தெரிந்துகொள்ளும் ஆவலோடுதான்.

“இது உங்கட சட்டத்தில இருக்கோ தங்கச்சி?”

அவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

“ஜிஸ்யா இருக்கு. அது பொய்யில்லை. ஆனா அது ஒரு ஒப்பந்தத்தின்ர பாதி. ‘திம்மா’ எண்டுறது ஒப்பந்தத்தின்ர பேர், அதுக்குள்ள இருக்கிறவன் ‘திம்மி’. முஸ்லிம் இல்லாதவை வரி கட்டுவினம், ஆட்சிக்கு அடங்கியிருப்பினம். ஆட்சி அவையின்ர உயிர், சொத்து, கோவில் எல்லாத்தையும் காக்கோணும். கலியாணம், பிள்ளை, முதிசச் சொத்து எல்லாம் அவையின்ர சட்டப்படி. காலக்கெடு இல்லை. ஆட்சி தன்பாட்டில அதை முறிக்க ஏலாது. இவங்கள் பழைய புத்தகத்தில இருந்து வரியின்ர பேரை எடுத்தாங்கள், கடமையை விட்டிட்டாங்கள்.” தொலைபேசியைத் திருப்பிக் கொடுத்து, “ஆனா பழைய புத்தகத்தில இருந்துதான் எடுத்தாங்கள். அதையும் சொல்லோணும்,” என்றார்.

அன்று தேநீர் ஆறிப்போனது. கேள்விமேல் கேள்வி. பெண், பிள்ளை, துறவி, பார்வையற்றவர், உழைக்க முடியாதவர் ஆகியோருக்கு அந்த வரி இல்லை என்று அவர் சொல்ல, சிவம் அண்ணை, “அப்ப நல்ல சட்டமெல்லோ!” என்றார். உடனே அவர், “சட்டத்தில ஏழைக்கு விலக்கு. ஆனா கெய்ரோவில யூதரின்ர பழைய தொழுகைக்கூடம் ஒண்டில அவையின்ர கடிதங்கள் கிடைச்சது. அதில வரி கட்ட வழியில்லாம ஒளிச்சுத் திரிஞ்ச ஏழை ஆக்கள் இருக்கினம்,” என்றார். அந்தோனி அண்ணை, “அப்ப கொடுமைதான்,” என்றதும், “அதே கடிதங்களில யூதரும் முஸ்லிமும் பங்காளிகளாகக் கப்பலில சரக்கு ஏத்துகினம்,” என்றார். எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அவர் மறுபக்கத்திலிருந்து ஒரு கல்லை எடுத்துத் தராசில் வைத்தார்.

“அப்ப திம்மி எண்டா எங்கட பி.ஆர். காட் மாதிரி, நிரந்தரமா இருக்கலாம், வோட்டில்லை,” என்றார் சிவம் அண்ணை.

அவர் முகம் மலர்ந்ததை நான் பார்த்த மிகச் சில நேரங்களில் அது ஒன்று. “கிட்ட வந்திட்டியள் அண்ணை! வியாபாரத்துக்கு வந்து போறவனுக்கு ‘அமான்’ எண்டு வேற ஒண்டு இருக்கு. அது விசிற்றர் விசா. எங்கட சட்ட மரபு நாலில ஹனஃபி மரபில, வந்தவன் ஒரு வருசத்துக்கு மேல நிண்டா திம்மி ஆகிடுவான். பேந்து வரி.”

“அப்ப சிற்றிசன்?” என்று அந்தோனி அண்ணை கேட்டார்.

“அந்தச் சொல்லே அப்ப இல்லை. ஆனா ‘சமனோ’ எண்டு கேட்டியள் எண்டா, இல்லை. முஸ்லிமுக்கு எதிரா திம்மியின்ர சாட்சி செல்லாது. கொலைக்கு நட்டஈடு ஹனஃபியில சமன், மாலிக்கியில பாதி, ஷாஃபியில மூண்டில ஒண்டு. மேல ஏறவேணும் எண்டா ஒரே படிதான். மதம் மாறுறது.”

“எங்களை மாதிரிச் சைவருக்கு?” என்றார் சிவம் அண்ணை.

“எங்கட ஊர் முஸ்லிம்கள் ஷாஃபி. ஷாஃபி நூலில யூதர், கிறிஸ்தவர் எண்ட வேதக்காரருக்கும் நெருப்பைக் கும்பிடுற பாரசீகருக்கும்தான் இடம். உங்களுக்கு இல்லை. ஹனஃபி நூலில இருக்கு. வட இந்தியாவில ஆண்டவை ஹனஃபி. தப்பிச்சியள்.”

“அப்ப நீங்கள் எங்களை ஆண்டிருந்தா நாங்கள் துலைஞ்சம்!”

“நாங்கள் எங்கயண்ணை ஆண்டம்? யாழ்ப்பாணத்துச் சோனகத் தெருவில தையல் மிசின் எல்லோ வச்சிருந்தம்.”

எல்லோரும் சிரித்தோம். வாசகர் வட்டம் அதிக நேரம் நீடித்த கூட்டங்களில் அது ஒன்று. போகும்போது சிவம் அண்ணை, இதையெல்லாம் வட்டத்தின் ஆண்டு மலருக்குக் கட்டுரையாக எழுதித் தரும்படி அவரிடம் கேட்டார். அவர் படியில் நின்று, “மெய்யாவோ?” என்று கேட்டார். இரண்டு முறை கேட்டார்.

கட்டுரை இலையுதிர்காலத்தில் வந்தது. கையெழுத்துப் பிரதி. மலருக்குப் பக்கம் அமைப்பவன் என்பதால் முதலில் படித்தவன் நான். யாழ்ப்பாணத்து நாளிதழ் ஒன்றில் பிரதி திருத்திய காலத்திலிருந்து ஆயிரக்கணக்கான கட்டுரைகளைப் படித்திருக்கிறேன். கத்தரி வைக்க ஒரு வரியும் இல்லாத கட்டுரைகள் மிகச் சில. இது அவற்றில் ஒன்று. முதலில் ஒப்பந்தத்தின் விதிகள். பிறகு அவை நடந்த விதம், ஊரும் நூற்றாண்டுமாக. புதிய தேவாலயம் கட்டக்கூடாது, குதிரையில் ஏறக்கூடாது, வேறு உடை உடுத்த வேண்டும் என்ற பழைய நிபந்தனைகள் இரண்டாம் கலீஃபாவின் பெயரில் வழங்கினாலும் பிற்காலத்தில் தொகுக்கப்பட்டவை என்று பல ஆய்வாளர்கள் கருதுவதைச் சொல்லியிருந்தார். ஒரே ஆணையை ஆட்சியாளர்கள் திரும்பத் திரும்பப் பிறப்பித்தார்கள் என்றால் அதை யாரும் பின்பற்றவில்லை என்றும் பொருள் கொள்ளலாம் என்று ஒரு வரி. அதையடுத்து, பின்பற்றப்பட்ட இடம்: எகிப்தை ஆண்ட மம்லூக்குகளின் கெய்ரோவில் கிறிஸ்தவருக்கு நீலத் தலைப்பாகை, யூதருக்கு மஞ்சள். வரி கட்ட வருபவனைக் கழுத்தில் தட்ட வேண்டும் என்று எழுதிய சட்ட அறிஞர்களையும், அது ஆதாரமற்றது, அவனை வெயிலில்கூட நிறுத்தக்கூடாது என்று எழுதியவர்களையும் ஒரே பத்தியில் வைத்திருந்தார். வட ஆபிரிக்காவின் மக்ரிபை ஆண்ட முவஹ்ஹிதுகள் அந்த ஒப்பந்தத்தையே தூக்கியெறிந்து, மாறு அல்லது போ என்றார்கள். ஸ்பெயின் துரத்திய யூதர்களைத் துருக்கியின் உஸ்மானியர்கள் ஏற்றார்கள். அதே உஸ்மானியர்கள் பால்கன் கிறிஸ்தவரின் ஆண்பிள்ளைகளைப் படைக்குப் பிடித்துச் சென்றார்கள், திம்மா அதை அனுமதிக்காதபோதும். உஸ்மானிய ஊர்களில் கிறிஸ்தவப் பெண்கள் தம் குருவானவரைத் தாண்டி முஸ்லிம் நீதிபதியான காதியிடம் போனார்கள், அங்கே முதிசச் சொத்தில் பங்கு கிடைக்குமென்று. அக்பர் வரியை நீக்கினார், ஔரங்கசீப் திரும்பக் கொண்டுவந்தார். கட்டுரையில் ‘எப்போதும்’ என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. தேடிப் பார்த்தேன்.

சிவம் அண்ணை முன்னெச்சரிக்கைக்காரர். மதம் சார்ந்த கட்டுரை, பிழை வந்தால் வில்லங்கம் என்று சொல்லி, தன் கடைக்கு வாடிக்கையாக வரும் நூர் பாயை அடுத்த கூட்டத்துக்கு அழைத்திருந்தார். திருச்சிக்காரர், பொறியாளர், மென்மையாகப் பேசுபவர். கட்டுரையின் பிரதியில் அங்கங்கே மஞ்சள் தாள் ஒட்டிக்கொண்டு வந்திருந்தார்.

“மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க எழுதினது எதுவும் பொய்யில்ல. ஆனா அந்தத் தலைப்பாகை, கழுத்துல தட்டுறது, புள்ளைங்களப் பிடிச்சது, இதெல்லாம் இப்ப வேணுமா? போன மாசம் மெட்ரோல என் பொண்ணோட முக்காட்டை ஒருத்தன் பிடிச்சு இழுத்துட்டான். நம்ம கையாலயே ஏன் எடுத்துக் கொடுக்கணும்?”

அவர், “பிள்ளைக்கு ஒண்டுமில்லையே?” என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று நூர் பாய் சொன்னார்.

“எனக்கு மற்றப் பக்கம்தான் பிரச்சினை,” என்றார் சிவம் அண்ணை. “காதியிட்டப் போன பொம்பிளையள், வரிவிலக்கு, யூதருக்கு வரவேற்பு... எங்கட ஆக்கள் வாசிச்சா விளம்பரம் எண்டு சொல்லுவினம்.”

“எந்த ஆக்கள்?” என்று கேட்டார் அவர்.

“எல்லாரும்தான்.”

பென்சில் அவர் கையில் இருந்தது. அவர் அதை உயர்த்தவில்லை.

அரை மணி நேரத்துக்குள் ஒரு தீர்வு வந்தது. முன்மொழிந்தவர் சிவம் அண்ணை, ஆமோதித்தவர் நூர் பாய். நடந்த விதங்களைச் சொல்லும் பகுதியை முழுவதும் எடுத்துவிடுவது. விதிகளில் சில மட்டும் இருக்கட்டும். இரண்டு பக்கம் வரும். யாருக்கும் மனம் நோகாது.

“நல்லது,” என்றார் அவர். “ரெண்டு பேரும் நல்லா ஒத்துப்போறியள்.”

நான் குறுக்கிட்டு, முழுக் கட்டுரையையும் தனிச் சிற்றேடாகப் போடலாம், பக்கம் அமைத்துத் தருகிறேன் என்றேன்.

“தனியாப் போட்டா அது என்ர கதை அண்ணை. மலருக்குள்ள வந்தாத்தான் எங்கட கதை,” என்றார். குரல் உயரவில்லை. மருந்துத் தாளில் எழுதும் எச்சரிக்கையைப் போல் தெளிவாக இருந்தது.

மிச்சமிருந்த இரண்டு பக்கத்திலும் ஒரு சிக்கல் இருந்தது. ‘திம்மா’ என்ற அரபுச் சொல்லுக்கு அவர் தமிழில் ‘பொறுப்பு’ என்று எழுதியிருந்தார். நூர் பாய் ‘பாதுகாப்பு’ என்று மாற்றச் சொன்னார். சிவம் அண்ணை, “‘இரண்டாந்தரக் குடிகள்’ எண்டு போட்டாத்தான் விளங்கும்,” என்றார். அந்தோனி அண்ணைக்கு ‘அடைக்கலம்’ பிடித்திருந்தது. மாதாவுக்கே அந்தப் பெயர் இருக்கிறதாம்.

“‘பாதுகாப்பு’ எண்டா காக்கிறவன்ர பக்கம்,” என்றார் அவர். “‘இரண்டாந்தரம்’ எண்டா கீழ நிக்கிறவன்ர பக்கம். ‘அடைக்கலம்’ எண்டா வெளியால இருந்து வந்தவை எண்டாகும். திம்மியள் வந்தவை இல்லை, கனபேர் அந்த மண்ணில முதலே இருந்தவை. அரபில கடன்பட்டாலும் அது ஒருத்தன்ர திம்மாவில நிக்குது எண்டுதான் சொல்லுறது. கழுத்தில கிடக்கிற கடமை. தமிழில அதுக்குப் பொறுப்பு எண்ட சொல்தான் இருக்கு.”

“அது கொஞ்சம் மொட்டையா இருக்கு தங்கச்சி,” என்றார் அந்தோனி அண்ணை. “பொறுப்பு எண்டா ஆருக்கு என்ன விளங்கும்?”

“எனக்கு விளங்கும்.” அவர் தாள்களை ஒழுங்காக அடுக்கத் தொடங்கினார். “தொண்ணூறாம் ஆண்டு, ஒக்டோபர் மாதம், யாழ்ப்பாணம். முஸ்லிம்கள் ஊரை விட்டு வெளிக்கிடோணும் எண்டு இயக்கம் சொன்ன அண்டைக்கு, பின்வளவு மாஸ்டர் ஓடிவந்து வாப்பாவின்ர கையைப் பிடிச்சுச் சொன்னவர், ‘நீங்கள் ஒரு இடமும் போகவேண்டாம், உங்களுக்கு நான் பொறுப்பு’ எண்டு. அவர் பொய் சொல்லேல்லை. அவரிட்ட அதிகாரம் இருக்கேல்லை, அவ்வளவுதான். அவரையும் விலக்கிப்போட்டு எங்களை அனுப்பினாங்கள். பிறகு கனடா வந்து இந்த நூல்களை வாசிக்கேக்கை ஒரு விதி கண்டன். திம்மாவை ஆட்சியாளர்தான் குடுக்கலாம். ஆனா அமானை ஆரும் குடுக்கலாம். ஒரு சாதாரண ஆள், ஒரு பொம்பிளை, ‘இவருக்கு நான் பொறுப்பு’ எண்டு சொன்னா ஆட்சி அதை மதிக்கோணும். எல்லா ஆட்சியும் மதிச்சுது எண்டு நான் சொல்லேல்லை. விதி இருந்துது.”

நூர் பாய் தன் மஞ்சள் தாள்களைப் பார்த்தார். அவருக்கு அந்த ஒக்டோபர் பற்றி எதுவும் தெரியாது என்று நினைக்கிறேன்.

“அது வேற கதை தங்கச்சி,” என்றார் சிவம் அண்ணை. “அதையும் இதையும் ஒண்டாக்காதேங்கோ.”

“நான் ஒண்டாக்கேல்லை அண்ணை. கட்டுரையில அது ஒரு வரியும் இல்லை. ஏன் இந்தச் சொல் எண்டு கேட்டியள், சொன்னன்.”

“அந்த நேரம் நிலைமை அப்பிடி. நாங்கள் ஒருநாளும் உங்களை வேறாய்ப் பாக்கேல்லை.”

அவர் தலையைச் சாய்த்தார். நாங்கள் எல்லோரும் அந்தக் கேள்விக்காகக் காத்திருந்தோம். அவர் கேட்கவில்லை. தாள்களைப் பைக்குள் வைத்தார், கையுறையைப் போட்டார், தேநீருக்கு நன்றி சொன்னார். அன்று கதிரைகளை மடிக்க நிற்கவில்லை.

மலர் தைப்பொங்கலுக்கு வந்தது. அவருக்கென்று ஒதுக்கிய பக்கங்களில் திருமண வாழ்த்துகளைப் போட்டேன்.

கடைசியாக அவரைப் பார்த்தது அதற்கு அடுத்த வசந்தத்தில். சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் பூச்சிமருந்துத் தாள்களை மொழிபெயர்க்கும் வேலை கிடைத்து, மொன்றியல் தீவின் அந்த மேற்கு நுனிக்கே குடிபோயிருந்தார். பஸ்ஸில் நெடுநேரம் போக வேண்டியிருந்தது. ஓர் அறையும் சமையலறையும். ஜன்னலுக்கு அப்பால் வேளாண் கல்லூரியின் வயல், இன்னும் உழாமல் கிடந்தது. அவர் வாயைத் திறந்ததும் முதல் சொற்கள் இடறின.

“பொறுங்கோ, பொறுங்கோ,” என்று கையைக் காட்டிச் சிரித்தார். “வரும்.”

தேநீர் போட்டுத் தந்தார். வட்டத்தில் எல்லோரும் சுகமா என்று கேட்டார், ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி. நூர் பாயின் மகளைப் பற்றியும் கேட்டார். கட்டுரையை ஆங்கிலத்தில் எழுதினால் பல்கலைக்கழக இதழ்கள் போடுமே என்றேன். “இங்கிலீசில இதெல்லாம் எழுதிக் கிடக்கு அண்ணை. கனக்கக் கிடக்கு. நான் எழுதினது உங்களுக்கு,” என்றார். ‘உங்களுக்கு’ என்றது எனக்கா, வட்டத்துக்கா என்று நான் கேட்கவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகும்வரை பேசிக்கொண்டிருந்தார். மருந்துத் தாள்களில் வரும் பிரெஞ்சுச் சொற்கள், ஹலிஃபக்ஸில் ஒரு வேலை பற்றிய பேச்சு, வயலில் வந்து இறங்கும் வாத்துகள். வாசல்வரை வந்து, படியிறங்கி, பஸ் நிறுத்தம்வரையும் வந்தார். பஸ் வந்தபின்னும் ஏதோ சொல்லிக்கொண்டு நின்றார். கதவு மூடியதால் கேட்கவில்லை.

அடுத்த ஆண்டு அவர் தொலைபேசி எண் வேறொருவருக்குப் போய்விட்டது. எடுத்தவர் பிரெஞ்சில் மன்னிப்புக் கேட்டார்.

வாசகர் வட்டம் இன்றும் சிவம் அண்ணையின் நிலவறையில் கூடுகிறது. முன்பைவிட ஆட்கள் அதிகம். இந்தியத் தமிழர்களும் வருகிறார்கள். முஸ்லிம்கள் யாரும் இல்லை.